பத்து அலைக்குள் எழுந்தவள்

எனக்குச் சும்மா இருக்க வராது. பேருந்துக்கு நின்றாலும் காலை மாற்றி மாற்றி வைப்பேன். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் தட்டச்சு செய்யும்போது மேசைக்கு அடியில் குதிகால் ஆடிக்கொண்டே இருக்கும். "அந்த மேசைக்குக் காய்ச்சலா?" என்று தலைமை குமாஸ்தா கேட்பார். இப்படிப்பட்டவளுக்கு ஓட்டப்பந்தயத்தில் நூறு மீட்டர் தவிர வேறு என்ன பொருந்தும்? அதிலும் என் பலம் ஓட்டம் அல்ல, கிளம்புவது. முதல் பத்து மீட்டரில் என்னை யாரும் பிடித்ததில்லை. எழுபது மீட்டருக்கு மேல் மூச்சு வாங்கும், பக்கத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் கிடைத்ததை வைத்துக்கொண்டு ஓடி முடித்துவிடுவேன். ஊரில் ஓடுகிற பெண்கள் நாலைந்து பேர்தான். அதில் 'வெடிக்கு முன்னாலேயே வெடிப்பவள்' என்று எனக்குப் பெயர். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதச் சனிக்கிழமை. தூத்துக்குடி மைதானத்தில், யாரும் கலந்துகொள்ளக்கூடிய மாவட்டத் தடகளப் போட்டி. எனக்கு இருபத்தைந்து வயது முடியப்போகிறது. ஆபீஸில் என் வேலை தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருநாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பார்கள். அந்த ஒருநாள் வரும்போதெல்லாம், 'நாளைக்குக் கூப்பிடாவிட்டால்?' என்று அம்மாவும் நானும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். அரசுத் துறை ஒன்றில் விளையாட்டுக்காரர்களுக்கென்று இரண்டு இடம் இருந்தது. மாநிலப் போட்டியில் ஓடிய சான்றிதழ் வேண்டும், வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். மாவட்டத்தில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலத்துக்கு அனுப்புவார்கள். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும். அவ்வளவுதான் கணக்கு.

காலையில் நடந்த தகுதிச் சுற்றில் சாதாரணமாகவே ஓடினேன். கிளம்புவது கொஞ்சம் மந்தமாக இருந்த மாதிரி தோன்றியது. 'இறுதிக்கு மிச்சம் வைக்கிறேன்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இறுதிப் போட்டி மாலை ஐந்தரைக்கு. எனக்கு ஆறாவது தடம், கடல் பக்கத்துக் கடைசி. காற்று உப்பளத்திலிருந்து வந்து, கோடு போட்ட சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு போயிற்று. காலை ஊன்றி உதைத்துக் கிளம்ப மரத்தில் செய்த ஸ்டார்ட்டிங் பிளாக்கைத் தரையில் ஆணி வைத்து அடித்துவிட்டுக் குனிந்தேன்.

வெடி வெடித்து ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர், ஒரு மிஷன் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். நாற்பது வயது இருக்கும். சிவப்புத் தொப்பி, வெள்ளைக் கால்சட்டை, கையில் துப்பாக்கி. ஊரெல்லாம் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு நான் மைதானத்துக்கு ஓடிவந்து பழகும்போது, எனக்காக இரண்டு மரப்பலகையைத் தட்டி 'வெடி' போடுபவரும் அவர்தான். அவர் எனக்கு ஓடச் சொல்லிக் கொடுத்ததில்லை. தன் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர், போகிற போக்கில் எனக்குப் பலகை தட்டுவார். "நல்ல ஸ்டார்ட்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

"ஆன் யுவர் மார்க்ஸ்." விரலைக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றினேன். "செட்." இடுப்பைத் தூக்கினேன். அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தபோது நான் ஓடிக்கொண்டிருந்தேன், பின்னால் இன்னொரு வெடி கேட்டது. அது திரும்ப அழைக்கும் வெடி.

மாஸ்டர் என்னிடம் வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆறாவது தடம். ஒரு எச்சரிக்கை" என்றார்.

அப்போதைய விதிப்படி ஒருவருக்கு ஒரு தவறு மன்னிப்பு. இரண்டாவது தவறுக்கு வெளியே. அதனால் நான் பதறவில்லை. பொறுமையாகக் கேட்டு எழு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி குனிந்தேன். "செட்." மறுபடியும் அதே. நான் எழுந்தேன், வெடித்தது, திரும்ப அழைத்தார்கள்.

"வெளிய வாம்மா" என்றார் மாஸ்டர்.

"ஏன் மாஸ்டர்? வெடி கேட்டப்பொறம்தான எந்திரிச்சேன்!"

"வெடியும் நீயும் ஒண்ணா எந்திரிச்சிய. கேட்டு எந்திரிக்க நேரம் வேணும்லா? மனுசருக்கு அவ்வளவு வேகம் கெடையாது."

"எனக்கு உண்டு!"

இதைக் கத்தித்தான் சொன்னேன். மைதானத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐந்து பேரை வைத்து ஓட்டத்தை நடத்தினார்கள். நாசரேத்தில் ஆசிரியப் பயிற்சி படிக்கும் ஒரு பெண் முதலாவதாக வந்தாள். நான் ஓரத்தில் நின்று ஒரு கையால் இன்னொரு கையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் ஏமாற்றவில்லை. யூகித்து எழவில்லை. என் மனதறிய வெடிக்குத்தான் எழுந்தேன். வேகமாக இருப்பது ஒரு குற்றமா?

அங்கேயே முறையீடு எழுதிக் கொடுத்தேன். முறையீட்டுக் குழுவின் தலைவர், துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே கொண்டுவரும் பைலட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளை மீசை, நிதானமான பேச்சு.

"ஸ்டார்ட்டர் சொன்னதுதாம்மா முடிவு. அவர் கண்ணை நான் சந்தேகப்பட முடியாது" என்றார். "ஆனா நீ 'எனக்கு உண்டு'ன்னு சொல்லுத. அதுக்கு ஏதாவது காட்டு. வியாழக்கிழமை பட்டியலை மாநிலத்துக்கு அனுப்பணும். புதன் சாயங்காலம் வரை டயம் தாரேன்."

மாஸ்டரும் பக்கத்தில் நின்றார். அவர் பகைத்துக்கொள்ளவில்லை. "ஒரு விளையாட்டுப் பத்திரிகைல படிச்சேன்" என்றார். "வெளிநாட்டுல பெரிய போட்டிகள்ல பிளாக்குலயே ஒரு கருவி வச்சிருக்கான். வெடிச்சு இவ்வளவு நேரத்துக்குள்ள கால் அழுத்துனா, அது தப்புன்னு மணியடிச்சிரும். செகண்டுல பத்துல ஒரு பங்குங்கான். இன்னொருத்தன் நூறுல பன்னெண்டுங்கான்."

"யாரு அளந்து அந்தக் கோட்டைப் போட்டா மாஸ்டர்? என்னைய அளந்தாங்களா?" என்று கேட்டேன்.

எனக்கு அப்போது அது வெறும் வாய்ச்சண்டைதான். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கேள்வி காலைச் சுற்றிக்கொண்டது. அளந்து காட்டினால் என்ன?

எனக்கு அளக்கத் தெரிந்த ஒரு சிநேகிதி இருந்தாள். பள்ளியிலிருந்தே கூட்டாளி. தாமிரபரணிப் பக்கத்து நெல் கிராமத்துக்காரி. பெண்கள் கல்லூரியில் விலங்கியல் ஆய்வகத்தில் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். முந்தின வாரம்தான் அவளுக்கு வளைகாப்பு நடந்திருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அவள் ஆய்வக மேசையில் மூடியிருந்த துணியை விலக்கி ஒரு கருவியைக் காட்டினாள்.

தவளையின் தசை சுருங்குவதை அளக்க வைத்திருக்கும் உருளை அது. சாவி கொடுத்தால் கடிகாரம் மாதிரி சுற்றும். வழவழப்பான தாளை அதில் சுற்றி, மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டினால் தாள் கரியாகிவிடும். அதன்மேல் முனை பட்டால் வெள்ளைக் கோடு விழும். ஒரு செகண்டுக்கு நூறு தடவை அதிரும் இசைக்கவை ஒன்றைத் தட்டி அதன் முனையைத் தாளில் தொடவிட்டால், அலை அலையாக ஒரு கோடு எழுதும்.

"ஒரு அலை, நூறுல ஒரு பங்கு" என்றாள். "ஒங்க மாஸ்டர் சொன்ன கோடு பத்து அலை. எண்ணிப் பாத்தா முடிஞ்சுது."

மற்றதை நாங்கள் இரண்டு பேரும் திங்கட்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் அமைத்தோம். மாஸ்டரிடமிருந்து மரப்பலகை ஜோடியை வாங்கி வந்து, உட்புறத்தில் தகரத்தை ஒட்டிக் கம்பியிழுத்தோம். பலகை மோதினால் சத்தம் வரும். அதே கணத்தில் மின்சாரம் பாய்ந்து ஒரு முள் தாளில் ஒரு வெட்டு வெட்டும். என் பிளாக்கின் பின்புறத்தில் பித்தளைத் தகட்டை வளைத்து, தபால் கார்டு பருமனுக்கு இடைவெளி விட்டாள். நான் குனிந்து காத்திருக்கும் அழுத்தத்துக்கு அது தொடாது. கிளம்புவதற்கு உதைத்தால் தொடும், இரண்டாவது முள் வெட்டும். இரண்டு வெட்டுக்கும் நடுவில் எத்தனை அலை என்று எண்ண வேண்டியது.

ஆய்வகத்தின் சிமெண்டுத் தரையில், ஃபார்மலின் ஜாடியில் மிதக்கும் சங்குப்பூச்சிக்கும் முத்துச்சிப்பிக்கும் முன்னால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன். பிளாக்கைச் சுவரோடு முட்டுக்கொடுத்திருந்தோம். எனக்கு எதிரே மெத்தை. அவள் என் கண்ணில் படாமல், பின்பக்கம் ஓரமாகப் பலகையோடு நின்றாள்.

"செட்" என்றாள். தட்டினாள். நான் மெத்தையில் போய் விழுந்தேன்.

எழுந்து வந்து உருளையைப் பார்த்தோம். அவள் ஊசி முனையை வைத்து ஒவ்வொரு அலையாகத் தொட்டு எண்ணினாள். பதினொன்று. அடுத்தது பத்து. அதற்கடுத்தது ஒன்பது. பிறகு பதினொன்று. பிறகு பத்து; அந்தப் பத்து முழுப் பத்தா, ஒன்பதே முக்காலா என்று இரண்டு பேரும் சண்டை போட்டோம். மை தீட்டிய மாதிரி மூக்கெல்லாம் கரி.

"ஏளா, நீ மனுசியே இல்ல!" என்றாள்.

நான் ஆய்வகத்தைச் சுற்றி வந்தேன். உட்கார முடியவில்லை. அந்தச் சந்தோஷம் போல ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை என்றே சொல்வேன். ஓட்டத்தில் ஜெயித்தால் வருவது வேறு. இது, 'நீ இப்படிப் பிறந்தவள்' என்று ஒரு கருவி எழுதிக் கொடுத்தது.

அவள் ஒரு காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னொண்ணு சொல்லுதேன் கேளு. சத்தம் செகண்டுக்கு முந்நூத்து நாப்பது மீட்டர்தான் போவும். மாஸ்டர் உள்பக்கம் நிக்காரு. ஒண்ணாவது தடத்துக்காரி மூணு நாலு மீட்டர் தள்ளி. நீ கிட்டத்தட்ட பத்து மீட்டர் தள்ளி. ஒனக்குச் சத்தம் வர்றதுக்கே மூணு அலை ஆயிரும். அவளுக்கு ஒண்ணு. வெடிச்ச நேரத்துலேருந்து எல்லாருக்கும் ஒரே கோடு போட்டா, ஒனக்கு மட்டும் ரெண்டு அலை நஷ்டம்லா?"

"அப்ப கோடே தப்பு!"

"கோடு தப்பு, சரி. ஆனா..." என்று இழுத்தாள். "நீ வெடியோட ஒண்ணா எந்திரிச்சேன்னு அவரு சொல்லுதாரு. சத்தம் காதுக்கு வர்றதுக்கு முந்தியே எந்திரிச்சிருக்கேன்னு ஆவுதே."

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. "இன்னும் அஞ்சு தடவை எடுத்துருவோம். புதன்கிழமை பெரிய தாளாக் காட்டணும்" என்றேன்.

ஆறாவது தடவை. குனிந்தேன். "செட்." நான் பாய்ந்தேன், மெத்தையில் விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் பலகை இரண்டையும் விரித்துப் பிடித்தபடியே நின்றாள்.

"நான் தட்டவே இல்லையே!" என்றாள். "தட்டப் போனேன். பிள்ள ஒதச்சிட்டு. நின்னுட்டேன்."

உருளையில் என் காலின் வெட்டு இருந்தது. பலகையின் வெட்டு இல்லை.

பிறகு அவள் மெதுவாகக் கையைத் தூக்கி, தட்டுவது போலப் பலகையை உள்ளே கொண்டுவந்தாள். பலகை மோதுவதற்கு முன்பே கை நிறைய வளையல் கலகலத்தது.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று போட்ட வளையல். பிள்ளைக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்குக் கேட்டுவிட்டது.

"கழட்டேன்" என்றேன்.

"பேறு காலம் வரைக்கும் கழட்டக் கூடாதுளா. எங்க அத்தை கொன்னுபோட்டுருவா."

கைக்குட்டை இரண்டை எடுத்து வளையல்களை இறுக்கிக் கட்டினோம். சத்தம் வருகிறதா என்று ஆட்டிப் பார்த்தோம். பிறகு புதுத் தாள் சுற்றி அஞ்சு தடவை எடுத்தோம். பதினைந்து. பதினாறு. பதினாலு. பதினேழு. பதினைந்து. எண்ண எண்ண அவள் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. பதினைந்து மோசமில்லை, நன்றாகப் பழகியவர்களுக்கு வருவதுதான். ஆனால் அது எல்லோருக்கும் வருவது. தெருவில் போகிற எந்த ஓட்டக்காரியும் அப்படித்தான்.

அவள் இரண்டு தாளையும் அரக்குக் கரைசலில் முக்கிக் காயவைத்தாள், கரி அழியாமலிருக்க. முதல் தாளைத் தனியே எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இத மட்டும் காட்டு. இதுல பொய் ஒண்ணும் எழுதல. வளையலப் பத்தி அங்கன யாரு கேக்கப் போறா?"

வாங்கிக்கொண்டேன். காட்டவும் முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்ததை இப்போது மறைக்க விரும்பவில்லை. வேலை வேண்டும், வயது முடிகிறது, மனச்சாட்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒன்று அரித்தது. ஆய்வகத்தில் வளையல் இருந்தது. மைதானத்தில் யார் வளையல் போட்டிருந்தார்கள்? அங்கே எதைக் கேட்டு நான் எழுந்தேன்?

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் மூன்று கடிதத்தைத் தப்பாக அடித்தேன். ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போனேன். மாஸ்டர் பள்ளிப் பிள்ளைகளை உயரம் தாண்ட வைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரு ஒதவி. சனிக்கிழமை நின்ன இடத்துல நிக்கணும். துப்பாக்கி வேண்டாம், வெறுங்கைய தூக்குங்க."

நான் ஆறாவது தடத்தில் குனிந்தேன். மணி ஐந்தரையை நெருங்கியிருந்தது. சூரியன் அவருக்குப் பின்னால், தாழ. நான் எழுவதற்காகக் குனியவில்லை, பார்ப்பதற்காகக் குனிந்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம், என் விரலுக்கு இரண்டு முழம் முன்னால், தரையில் அவர் கையின் நிழல் கிடந்தது.

"செட்" என்றார். கொஞ்சம் பொறுத்தார். அவருடைய முழங்கை நிமிர்ந்தது. நிழல் ஒரு சாண் முன்னே குதித்தது. அதற்குப் பிறகுதான் அவர் வாயால் "டப்" என்றார்.

என் கால் தானாக உதைத்துவிட்டது. பார்க்க வந்தவள் எழுந்து நாலடி ஓடி நின்றேன்.

மாஸ்டருக்குப் புரியவில்லை. அவரைக் குனியச் சொல்லிவிட்டு, நான் அவர் இடத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டினேன். அந்த மனிதர் வெள்ளைக் கால்சட்டையோடு மண்டியிட்டு என் நிழலைப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டாமலே நின்றார்.

"தெனமும் இந்த நேரத்துலதானம்மா ஒனக்குப் பலக தட்டுனேன்" என்றார். "தெனமும் நீ அந்தக் கடைசித் தடத்துலதான் நின்ன."

ஆமாம். இரண்டு வருஷமாக, ஆபீஸ் விட்டு வந்து, அதே மணிக்கு, கடல் காற்றுக்காக அதே தடத்தில். பலகை தட்டும்போது கை அசைவதற்கும் சத்தத்துக்கும் நடுவில் இடைவெளி குறைவு. நான் எழுவது நல்ல ஸ்டார்ட் மாதிரித் தெரிந்தது. துப்பாக்கி பிடிக்கும்போது அவர் முதலில் முழங்கையை நிமிர்த்துவார், அப்புறம் விசையை அழுத்துவார். இடைவெளி கூடிவிட்டது, நான் மாட்டிக்கொண்டேன். காலைத் தகுதிச் சுற்றில் சூரியன் கடல் பக்கம், நிழல் அவருக்குப் பின்னால் விழுந்திருக்கும். அதனால்தான் மந்தமாக இருந்தேன்.

வேலை போகிறது என்பதைவிட, அப்போது வலித்தது வேறு. வெடிக்கு முன்னால் வெடிப்பவள் என்று ஊர் சொன்னது முழுக்க ஒரு நிழல். எனக்கென்று நான் வைத்திருந்த ஒரே பெருமை என்னுடையதே இல்லை. மைதானத்துச் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். மாஸ்டர் தள்ளி நின்று தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை குழுவின் முன்னால் இரண்டு தாளையும் வைத்தேன். நல்லவள் என்பதால் அல்ல. மாஸ்டர் அங்கே நிற்கும்போது ஒரு தாளை மட்டும் வைக்க எனக்கு முகமில்லை. வளையலைச் சொன்னேன், நிழலைச் சொன்னேன். பைலட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, குண்டூசியால் தானே எண்ணினார்.

"அப்ப வெடிக்கு முந்தி எந்திரிச்சது நிஜம்" என்றார்.

"நிஜம் சார். ஆனா யூகிச்சு எந்திரிக்கல. ஒண்ணு அசஞ்சுது, எந்திரிச்சேன்."

"சட்டத்துல வெடியத் தவிர வேற எதுக்கும் எந்திரிக்கச் சொல்லலையேம்மா."

"எந்திரிக்க வச்சது என் கை சார்" என்றார் மாஸ்டர். "வேற எவனாவது கேமரா மினுக்கி ஒருத்தி எந்திரிச்சா, எச்சரிக்கை கொடுக்காம திரும்பக் கூப்பிடுவேன். இது அவளால வந்த தப்பில்ல. நான் கொடுத்த ரெண்டு எச்சரிக்கையையும் நானே எடுத்துக்கிடுதேன்."

இருபது வருஷம் துப்பாக்கி பிடித்த கை அது. அந்த வட்டாரத்தில் ஒரு ஸ்டார்ட்டர் தன் முடிவைத் தானே திரும்ப வாங்கியதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மறு ஓட்டம், அதன் பிறகு பட்டியல் தபாலில் போகும் என்று முடிவாயிற்று.

நாசரேத்துப் பெண் முதல் பேருந்தில் வந்திறங்கினாள். "ஏங்க்கா, ஜெயிச்ச நான் எதுக்கு ரெண்டாந்தடவ ஓடணும்?" என்று நேராகவே கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கு நியாயம் செய்யப் போய் அவளுக்கு அநியாயம் நடந்துகொண்டிருந்தது.

இத்தனை வருஷம் கழித்து, அந்தக் கோடு பத்தில் ஒரு பங்கு என்றே நிலைத்துவிட்டது. அதற்குக் கீழே எழுந்தால் மனித வேகம் இல்லை, வெளியே போ. ஓடுகிறவன் காதுக்குப் பின்னாலேயே ஒலிபெருக்கி வைத்துச் சத்தத்தின் தூரத்தையும் சரிசெய்துவிட்டார்கள். நல்ல காரியம். தொலைக்காட்சியில் யாராவது வெளியேற்றப்பட்டு, 'இல்லை' என்று தலையாட்டிக்கொண்டே நடந்தால் எனக்கு இன்றும் உட்கார முடியாது, எழுந்து நடப்பேன். அந்தக் கோடு என்னையும் வெளியேற்றியிருக்கும், சரியாகத்தான் வெளியேற்றியிருக்கும். ஆனால் யூகித்து எழுந்து, அதிர்ஷ்டத்தில் பதினொன்றில் போய் விழுந்தவனை அது உள்ளே விட்டுவிடும். உண்மையிலேயே ஒன்பதே முக்காலில் கேட்டு எழ முடிந்தவன் ஒருவன் பிறந்திருந்தால், அவனைப் பொய்யன் என்று சொல்லிவிடும். எப்போது எழுந்தாய் என்று மட்டும்தான் அதற்குக் கேட்கத் தெரியும். எதற்கு எழுந்தாய் என்று முழங்காலில் நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

அன்று காலை கடல் பக்கமிருந்து வெயில் வந்தது. எனக்கு அதே ஆறாவது தடம். என் நிழலே எனக்கு முன்னால் இல்லை, இடப்பக்கம் மற்றவர்கள்மேல் விழுந்து கிடந்தது. மாஸ்டர் முழங்கையை முதலிலேயே விறைப்பாக நீட்டிக்கொண்டு, ஆளே அசையாமல் நின்றார். "செட்" சொல்லிவிட்டு அதுவரை இல்லாத அளவுக்குக் காத்தார். எனக்கு உள்ளங்கால் எரிந்தது. தரையைப் பார்த்தேன், தரையில் ஒன்றுமில்லை. சும்மா இருக்க வராத நான் அந்தக் கணத்தில் சும்மா இருந்தேன்.

முதல் பத்து மீட்டரில் எனக்கு முன்னால் மூன்று முதுகு தெரிந்தது. வாழ்நாளில் முதல்முறையாகப் பின்னாலிருந்து துரத்தினேன். எழுபதில் ஒருத்தியைத் தாண்டினேன். கடைசியில் இரண்டாவதாக வந்தவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு நெஞ்சு அகலம் இருந்தது. நாசரேத்துப் பெண்தான் மறுபடியும் முதல். நான் மூன்றாவது. இரண்டு பெயர்தான் தபாலில் போயிற்று.

ஓடி முடித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் நூறு மீட்டரும் நடந்தே வந்தார். துப்பாக்கியைக் கால்சட்டைப் பையில் போட்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஸ்டார்ட் சரியா இருந்துச்சாம்மா? எதுவும் அசஞ்சுதா?"

"இல்ல மாஸ்டர்" என்றேன். "ரெண்டு வருசத்துல இன்னிக்குத்தான் நீங்க போட்ட வெடியக் காது குடுத்துக் கேட்டேன்."